லாட் தேடலுக்கு பிட்செட்: ஓட்டிக்கொண்டே இருப்பவனின் புலம்பல்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணினி வேலை பார்க்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "உங்க யூனிட்ல லாட் தேடறதுக்கு பிட்செட்தானே வச்சிருக்க? நானும் போட்டேன்டா, ஒரே ஒரு லாட் மட்டும் விட்டுப்போகுது." பதிலை எழுதியே வைத்துவிடுகிறேன், அடுத்து கேட்பவருக்கும் ஆகும்.

ஆம்பூரில் எங்கள் யூனிட்டில் குரோமில் பதனிட்ட ஈரத்தோலான வெட் ப்ளூ லாட்டிலிருந்து உலர்ந்த கிரஸ்ட், அதிலிருந்து பினிஷ்டு லெதர், அப்புறம் ஷூ அப்பர் என்று லாட்டுகள் பிரியும், சேரும். ஒரு வெட் ப்ளூ லாட்டில் குறை தெரிந்தால் அது எந்தெந்த அப்பர் வரை போயிருக்கிறது என்று உடனே சொல்ல வேண்டும். பிட்செட் என்பது 0, 1 பிட்களின் வரிசை, ஒரு லாட்டுக்கு ஒரு வரிசை. அதில் எட்டக்கூடிய லாட்டுக்கெல்லாம் 1. சுமார் 4000 லாட்டுக்கு மொத்தமே 2 எம்பிதான். முதலில் `R`-ல் ஒரு லாட்டிலிருந்து நேராக இன்னொன்றுக்குப் போகும் தொடுப்புகளுக்கு மட்டும் 1 போட்டுவிட்டு, ஸ்டீபன் வார்ஷல் 1962-ல் சொன்ன முறையை பிட் வரிசையில் ஓட்டினால் வேலை இவ்வளவே:

```cpp
for (int k = 0; k < n; ++k)
    for (int i = 0; i < n; ++i)
        if (R[i][k]) R[i] |= R[k];
```

ஒரு `|=` ஓடும்போது கணினியின் ஒரே 64-பிட் வார்த்தையில் 64 லாட் சேர்ந்துவிடுகிறது. எங்கள் பழைய ஆபீஸ் கணினியிலேயே சட்டென்று முடிந்துவிடும். இதில் எனக்குக் குறையே இல்லை.

நண்பனின் சிக்கல், அவன் `i`-ஐ வெளியே, `k`-ஐ உள்ளே வைத்ததுதான். ஏன் இத்தனை நாள் சரியாக வந்தது? லாட் எண் ஏறிக்கொண்டே போகும் வரை இரண்டு விதமும் ஒரே விடைதான் தரும். மீந்த தோலைப் பழைய எண்ணில் சேர்த்தால் மாட்டும். 5-லிருந்து 9, 9-லிருந்து 7, 7-லிருந்து 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முறையில் 5-ஆம் வரிசையை எடுக்கிறான். `k` 7-லும் 8-லும் வரும்போது பிட் 0, தாண்டிவிடுகிறது. 9-ல் வந்ததும் 7 ஒட்டிக்கொள்கிறது, ஆனால் 7 ஏற்கெனவே கடந்தாயிற்று. 8 விடுபடுகிறது. `k` வெளியே இருந்தால் முதலில் `k` 7 ஆகும்போது 9-ஆம் வரிசைக்கு 8 போய்விடும். பிறகு 9-ன் முறை வரும்போது 5-க்கு 7, 8 இரண்டுமே கிடைக்கும். எண் இறங்கும் ஒரு தொடுப்பையாவது வைத்துச் சோதிக்காவிட்டால் இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

சரி, இப்போது என் எரிச்சல். புதிதாக ஒரு தொடுப்பு வந்தால் மகா சுலபம். 5-லிருந்து 11-க்கு என்றால், 5-ஐயும் 5-ஐ எட்டும் எல்லா வரிசைகளையும் எடுத்து 11-ன் பிட்டையும் 11-ன் வரிசையையும் சேர்த்தால் முடிந்தது. ஆனால் ஸ்டோரில் ஒருவர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டு, "அந்த 11 இல்ல சார், எடுத்துடுங்க" என்பார். எப்படி எடுப்பது? 11-லிருந்து 14 போகிறது. 9-லிருந்தும் 14 போகிறது, 5-லிருந்து 9-க்கும் வழி இருக்கிறது. ஆகவே 5-ன் வரிசையில் 14 இருந்தே ஆக வேண்டும். அந்த 1 எந்த வழியாக வந்தது, எத்தனை வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. சேர்த்ததைப் பிரிக்க முடியாது. உண்மையான தொடுப்புகளை மட்டும் தனி அணியில் வைத்து, அழிக்கும்போதெல்லாம் முதலிலிருந்து ஓட்டுகிறோம். நேரம் ஒன்றும் பெரிதாகப் போவதில்லை, ஆனாலும் ஒரு கோட்டை அழிக்க அத்தனை வரிசையையும் திரும்பப் போடுவது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

ஒரு லாட் சுற்றித் தன்னிடமே திரும்பும் வளையமே இல்லையென்றால், வேறெதற்கும் போகாத கடைசி லாட்டிலிருந்து தொடுப்பு வழியே பின்னோக்கி வந்து, தொடுப்பு ஒன்றுக்கு ஒரே முறை வரிசையைச் சேர்த்தால் போதும். 9000 தொடுப்பு, வரிசைக்கு 63 வார்த்தை, ஆக ஆறு லட்சத்துக்கும் குறைவான சேர்ப்புகள். வார்ஷல் முறையில் மோசமான நிலையில் அது நூறு கோடியைத் தொடும். ஆனால் எங்களிடம் ரீவொர்க் போன தோல் அதே எண்ணில் திரும்பி வந்துவிடும், அப்போது பின்னோக்கி வர வரிசையே கிடையாது. வார்ஷல் அதற்கெல்லாம் அசராது, கணக்கு முடிந்ததும் `R[i][i]` 1 ஆன லாட்டுகளைப் பார்த்தால் எங்கே சுற்றிக்கொண்டது என்று காட்டிவிடும்.

நண்பனிடம், உங்கள் டேனரியில் ரீவொர்க்குக்குப் புது எண் போடுவதாக இருந்தால் வார்ஷலைத் தொடவே தொடாதே, பின்னோக்கி முறையையே எடுத்துக்கொள் என்றேன். நான் மாற்றுவதாக இல்லை.