கொழிஞ்சாம்பாறையில் ஒரு வேர்க்குரு விசாரணை

விமானம், பெட்டி, வாடகைக் கார் எதைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், தாய்வீட்டில் ஏப்ரல் மாதத்தைக் கழித்துவிட்டு பர்மிங்ஹாம் திரும்பியிருக்கும் எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்றுதான்: என் ஐந்து மாதக் குழந்தையின் முதுகு.

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அண்ணன் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறான். பார்க்க அழகுதான். ஆனால் பகல் முழுவதும் வெயில் குடித்த கூரை, நள்ளிரவு வரை அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓட்டு வீட்டில் உத்தரத்தில் தூளி கட்டினால் கணவாய்க் காற்று இரு பக்கமும் வந்துபோகும். இங்கே நான்கு சுவருக்குள் கட்டிய தூளி, குழந்தையை எல்லாப் பக்கமும் மூடிய ஒரு பைதான். மகன் ஒன்பது மணிக்குத் தூங்கி, பதினொரு மணிக்கெல்லாம் முதுகை வளைத்துக்கொண்டு அழுவான். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி அழுகை. பிடரி நனைந்திருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பின்கழுத்திலும் தோளிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொடிப் பொடியாக வேர்க்குரு.

இனிதான் என் கோபம். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை. "குழந்தைக்கு வேர்க்குரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பவுடர் டப்பாவும் ஒரு களிம்புக் குழாயும் மேசைக்கு வந்துவிட்டன. என் தோளில் இருந்த குழந்தையை அந்த மனிதர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எத்தனை மாதம் என்று கேட்கவில்லை. பில்லும் தரவில்லை. வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தால், குளோபெட்டசால் என்கிற மிக வீரியமான ஸ்டீராய்டு, கூடவே ஒரு கிருமிக்கொல்லி, பூஞ்சைக்கு ஒரு மருந்து. எது வந்திருந்தாலும் ஏதாவது ஒன்று அடித்துவிடட்டும் என்கிற கலவை. இங்கிலாந்தில் இது மருத்துவர் சீட்டில்லாமல் கைக்கு வராது. இந்தியாவிலும் வரக்கூடாது, 2018லேயே இத்தகைய பூச்சுகளைச் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. பூசியதை அது உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். தோல் இன்னும் மெலியும். பூஞ்சை இருந்தால், சிவப்பு மட்டும் தற்காலிகமாக அடங்கி, அடியில் பரவிக்கொண்டிருக்கும். பவுடரில் மென்தாலும் போரிக் அமிலமும் இருந்தன. இரண்டும் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. பவுடர் எதுவானாலும் மூச்சில் போகும், கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும்.

அடுத்த நாள் புதன்கிழமை. அரசு குடும்ப ஆரோக்கிய மையத்தில் தடுப்பூசி நாள் என்பதால் நர்ஸ் கட்டாயம் இருப்பார் என்று அண்ணி இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம், இரும்பு பெஞ்சு, சத்தம் எல்லாம் நான் சிறுமியாக இருந்தபோது பார்த்தபடியேதான். பர்மிங்ஹாமில் என் குடும்ப மருத்துவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் காலை எட்டரை ஆகிவிடும், இடமில்லை என்பார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸம்மா, மலையாளம் கலந்த நம் ஊர்த் தமிழில், "முதலில் எல்லாவற்றையும் கழற்று மோளே" என்றார். தொப்பி, காலுறை, சட்டை, டயப்பர் எல்லாம் போயின. அப்புறம் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் தொப்பி விளிம்பு படும் இடத்தில் ஒரு வரிசை. இடுப்பில் டயப்பர் எலாஸ்டிக் படும் இடத்தில் ஒரு வரிசை. முதுகு முழுக்க. மார்பிலும் வயிற்றிலும் ஒன்றுகூட இல்லை. "ராத்திரி அடியில் ரப்பர் ஷீட் விரிக்கிறீர்களா?" என்று கேட்டார். என் அம்மா தலையாட்டினாள். எங்கெல்லாம் காற்றுப் படவில்லையோ அங்கெல்லாம்தான் குரு என்பதை அந்த உடம்பே காட்டிக்கொண்டிருந்தது, பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

குழந்தையின் வியர்வைக் குழாய்கள் முழுதாக முதிர்ந்திருக்காது. தோல் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் மேல்தோல் ஊறி, குழாயின் வாய் அடைத்துக்கொள்கிறது. வெளியே வர முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிகிறது. அதுதான் சிவப்பும் குறுகுறுப்பும். ஆகவே மேலே எதைப் பூசினாலும் பயனில்லை, வியர்ப்பதை நிறுத்த வேண்டும். எண்ணெயும் அடைப்பைக் கூட்டும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கு வெளிச்செண்ணெயைத் தேய்த்தே தீருவேன் என்று அம்மா நின்றதால், குளிப்பதற்கு முன் தேய்த்து முழுக்கக் கழுவிவிடலாம், குளித்தபின் கூடாது என்று நர்ஸ் சமாதானம் செய்தார்.

பிறகு கழுத்து மடிப்பை விரல்களால் விரித்துப் பார்த்தார். மடிப்பின் ஆழத்தில் பளபளப்பான சிவப்பு ஒரே தகடாகப் படர்ந்து, ஓரத்தில் தனித்தனிப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சை, அதற்கு வேறு மருந்து. எங்களுக்கு வெறும் பொடிக்குருதான். சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவி வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ உடனே டாக்டரிடம் வர வேண்டும் என்றார். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாதாம்.

அன்று மாலை வீட்டில் நடந்தது இது. படுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சோப்பு இல்லாமல், உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் குழந்தை நடுங்கும். துடைக்காமல் ஒற்றி எடுத்து, மடிப்புகளை விரித்துக் காயவைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டோம். தூளியை விட்டு, ரப்பர் ஷீட்டையும் எடுத்துவிட்டு கட்டிலில் உறுதியான மெத்தை மேல் தோர்த்து என்கிற மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை இழுத்துச் செருகினோம். தோர்த்துக்கு ஈடான துணியை நான் பர்மிங்ஹாமில் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை: வியர்வையை இழுக்கும், சட்டென்று காயும். உடம்பில் டயப்பர் மட்டும், அதுவும் தளர்வாக. மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, முகத்தில் நேராக அடிக்காமல் காற்று அறைக்குள் சுழலும்படி வைத்தோம். பச்சைத் தண்ணீர் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், அதையே அடிக்கடி கொடுத்தேன். அண்ணன் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றினான்.

பர்மிங்ஹாமில் குழந்தை அறைக்கு 16 முதல் 20 டிகிரி என்று தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். பாலக்காட்டு ஏப்ரலில் அந்தத் தாளை விசிறியாகத்தான் பயன்படுத்தலாம். நர்ஸ் சொன்ன அளவுகோல் எங்கும் செல்லும்: கை கால்களைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே, பிடரியைத் தொடு. அங்கே ஈரமும் சூடும் இருந்தால் குழந்தைக்குப் புழுங்குகிறது.

முதல் இரவே அவன் இரண்டு மணி வரை தூங்கினான். குரு உடனே மறைந்துவிடவில்லை. சில நாட்களில் சிவப்பு வெளுத்து, தோல் லேசாகத் தவிடுபோல உதிர்ந்தது. தொப்பி விஷயத்தில் மட்டும் அம்மா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்து மாட்டிவிடுவாள்.

சன்னலில் ஈரத்துணி கட்டுவது எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. கோடையில் கணவாய்க் காற்று வறண்டு வீசுவதால் துணி காயக் காய அறை குளிர்ந்தது. கொல்லத்தில் இருக்கும் என் சிநேகிதி இதைக் கேட்டுவிட்டு அங்கேயும் கட்டியிருக்கிறாள். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும், துணி காயாது, அறையில் புழுக்கம்தான் கூடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் துணியை விட்டுவிட்டு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஏசி இருந்தால் 25, 26 டிகிரியில் வைத்து, காற்று கட்டிலின் மேல் நேராக விழாமல் திருப்பிவிட்டால் போதும்.