செலவுக் குறைப்பா, கூடுதல் விற்பனையா: எந்த சினர்ஜியை நம்பி விலை கொடுப்பது?

ஒரு நிறுவனத்தைச் சந்தை மதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்குபவர்கள் சொல்லும் காரணம் சினர்ஜி, அதாவது இரு நிறுவனங்களும் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்தால் கிடைக்கும் கூடுதல் பலன். அது செலவுக் குறைப்பு, கூடுதல் விற்பனை என இரு வகைப்படும்.

கணிப்பு: செலவுக் குறைப்பை ஊதியப் பட்டியலையும் வாடகை ஒப்பந்தங்களையும் வைத்தே எண்ணிவிடலாம். 2017இல் பாரத ஸ்டேட் வங்கி தன் ஐந்து துணை வங்கிகளை இணைத்தபோது, அருகருகே இருந்த கிளைகளை ஒன்றாக்க முடிந்தது. கூடுதல் விற்பனையோ வாடிக்கையாளர் கையில் இருக்கிறது.

லாபம்: செலவில் 10 கோடி மிச்சமானால் 10 கோடியும் லாபம். விற்பனை 10 கோடி கூடினால், 20 சதவீத லாப விகிதத்தில் கிடைப்பது 2 கோடிதான். பலர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிறார்கள். அது பெரும் தவறு.

முன்செலவு: இரண்டிலும் உண்டு. பணிவிலகல் இழப்பீடும் கணினி மாற்றமும் முதலிலேயே பணத்தை விழுங்கும்.

ஒரே தொழில், ஒரே ஊர்கள் என்றால் செலவுக் குறைப்பை நம்பி விலை பேசலாம். பொருள்கள் வேறு, வாடிக்கையாளர் ஒருவரே என்றால் விற்பனை கூடக்கூடும். ஆனால் அதற்காக முன்கூட்டியே விலையை உயர்த்தாதீர்கள்.