எதுக்களிப்புக்குக் கட்டிலை உயர்த்துவதா, சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதா, எடையைக் குறைப்பதா?

மாத்திரை இல்லாமல் எதுக்களிப்பைக் குறைக்க வழி கேட்டால் இந்த மூன்றையும்தான் எல்லோரும் சொல்வார்கள். எதில் தொடங்குவது என்பதற்கு, எரிச்சல் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். படுத்த பிறகு மட்டும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுகிறதா, இல்லை பகலில் உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு எரிகிறதா? முதல் இரண்டு வழிகளும் பெரும்பாலும் இரவுக்குத்தான் உதவும்.

கட்டிலை உயர்த்துவதில் வேலை செய்வது வெறும் புவியீர்ப்புதான். படுத்த நிலையில் மேலே வந்த அமிலம் உணவுக்குழாயிலேயே தேங்கும், தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு, அதனால் அது கீழே இறங்க நேரமாகும். தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் சுமார் 20 செ.மீ. உயரக் கட்டை வைத்தால், 2 மீட்டர் கட்டிலில் சாய்வு 6 டிகிரி அளவுக்குத்தான் வரும். கேட்க அற்பமாகத் தெரிந்தாலும் 2012இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் இந்த உயரமே இரவில் அமிலம் தங்கும் நேரத்தைக் குறைத்தது. 2021இல் இதுபற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது மொத்தம் 5 ஆய்வுகளும் 200 பேருக்குச் சற்று அதிகமானவர்களும்தான் தேறினார்கள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. கட்டிலில் கட்டை வைத்திருப்பது படுப்பவருக்குத் தெரியத்தான் செய்யும், அதனால் மனம் தரும் நிம்மதியையும் கட்டை தரும் பலனையும் பிரித்துப் பார்ப்பது கடினம். இருந்தாலும் கெடுதல் குறைவு என்பதால் நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: இரண்டு மூன்று தலையணையை அடுக்குவது. அப்படிப் படுத்தால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்தும், சாய்வினால் கிடைக்கும் பலன் அங்கேயே போய்விடும். இடுப்பிலிருந்து தலைவரை ஒரே சரிவாக இருக்க வேண்டும். பக்கத்தில் படுப்பவருக்குக் கட்டில் சாய்வது பிடிக்காவிட்டால் ஆப்பு வடிவ நுரை மெத்தை போதும். காலையில் எழும்போது உடல் பாதிக் கட்டிலுக்குச் சறுக்கியிருந்தால் சரிவு அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். நிறைந்த வயிறு விரிந்திருக்கும்போது, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்து வால்வு அடிக்கடி தளரும், அந்த நேரத்தில் படுத்தால் உள்ளிருப்பது மேலே வரச் சுலபம். ஜப்பானில் 2005இல் நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குள் படுப்பவர்களிடம், 4 மணி நேரமோ அதற்கு மேலோ பொறுத்துப் படுப்பவர்களைவிட, எதுக்களிப்பு நோய்க்கான வாய்ப்பு விகிதம் சுமார் 7 மடங்கு இருந்தது. எண் மிரட்டினாலும், தாமதமாகச் சாப்பிடுபவர்களின் மற்ற பழக்கங்களும் அதற்குள் கலந்திருக்கலாம். எனக்கு இன்னும் நம்பிக்கை தருவது 30 பேரை வைத்துச் செய்த வேறொரு சோதனை. அதில் அதே ஆட்களை ஒருநாள் படுக்க 6 மணி நேரம் முன்பும் இன்னொரு நாள் 2 மணி நேரம் முன்பும் சாப்பிட வைத்தார்கள். தாமதமான நாளில் படுத்திருந்த நேரத்து எதுக்களிப்பு கூடியது, அதிக எடையுள்ளவர்களிடம் குறிப்பாக.

எடைக்குத்தான் சான்று கனமானது. வயிற்றுக் கொழுப்பு இரைப்பையை எந்நேரமும் கீழிருந்து அழுத்துவதால் இதன் பலன் பகலுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் செவிலியர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், 2006இல் வெளியானது, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 3.5க்கு மேல் குறைந்த பெண்களிடம் அடிக்கடி வரும் எரிச்சல் ஏறக்குறைய 40% குறைவாக இருந்தது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரியின் 2022 வழிகாட்டுதலும் அதிக எடையுள்ளவர்களுக்கு எடைக் குறைப்பை வலுவாகப் பரிந்துரைக்கிறது, மற்ற இரண்டையும் குறைந்த சான்றோடு, வலுக்குறைந்த பரிந்துரையாகத்தான் சொல்கிறது.

சரி, ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ, பி.எம்.ஐ. சுமார் 30. இரவு 9.30க்குச் சாப்பாடு, 10.30க்குப் படுக்கை, வாரத்தில் 4 இரவு எரிச்சலில் விழிப்பு. அந்த 3.5 குறைய இவர் ஏறக்குறைய 9.5 கிலோ இறக்க வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும். எடைக்கான முயற்சியை இன்றே தொடங்கட்டும், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை 7.30க்குக் கொண்டுவந்து, நடுவில் கொறிப்பதையும் நிறுத்திவிட்டு, எத்தனை இரவு விழித்தார் என்று குறிக்கட்டும். 4 என்பது 2 ஆகக் குறைந்தால், அப்புறம் கட்டை வைத்து இன்னும் இரண்டு வாரம் எண்ணட்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. எடை ஏற்கெனவே சரியாக உள்ளவர் இதற்காக மேலும் மெலிய வேண்டியதில்லை.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை இடையில் தானாக நிறுத்த வேண்டாம். விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, முயற்சி செய்யாமலே எடை இறங்கினாலோ கட்டையும் கடிகாரமும் ஒருபுறம் இருக்கட்டும், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, நின்றால் குறைகிறது என்றால் அது எதுக்களிப்பாகவே இல்லாமல் இதயமாக இருக்கலாம்.