பக்கமா, சொல்லா, மணியா? தமிழ்த் தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் விலை சொல்லும் வழிகள்

"பக்கத்துக்கு எவ்வளவு வாங்குறீங்க?" வீட்டிலிருந்து மெய்ப்புப் பார்ப்பவர்களிடமும் தட்டச்சு செய்பவர்களிடமும் பதிப்பகமோ மாணவரோ முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் உடனே ஒரு தொகையாக வந்துவிடும். எந்த அளவுப் பக்கம், எத்தனை புள்ளி எழுத்து என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. சண்டை பின்னால் வருவது அதனால்தான்.

விலை சொல்ல நான்கு வழிகள் நடப்பில் இருக்கின்றன: பக்கத்துக்கு இவ்வளவு, பாரத்துக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு. பாரம் என்பது அச்சுக்கணக்கு. வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். ஆகவே அது பக்கக் கணக்கின் இன்னொரு உருவம்தான். பதிப்பகம் பாரமாகக் கேட்டால் பக்க விலையை 16ஆல் பெருக்கிச் சொல்லிவிடலாம். மற்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது.

பக்கக் கணக்கின் பெரிய வசதி, அது வாடிக்கையாளருக்குப் புரியும் என்பது. 128 பக்கப் புத்தகம் என்றால் மொத்தம் எவ்வளவு வரும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். பக்கம் அமைத்து முடிந்த நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பதென்றால் இது நியாயமான வழிதான், ஏனென்றால் பக்கம் அதற்குமேல் மாறாது. மாணவரின் ஆய்வேட்டில் இதே கணக்கு காலை வாரிவிடும். 12 புள்ளி எழுத்தில் ஒற்றை இடைவெளியோடு இருக்கும் உரையை 14 புள்ளிக்கும் இரட்டை இடைவெளிக்கும் மாற்றினால் பக்கம் இரண்டு மடங்கைத் தாண்டும். உள்ளே ஒரு சொல்கூடக் கூடியிருக்காது. பக்க விலை பேசிய மாணவர் நெருக்கமான கோப்பைத் தருவார், வேலையை முடித்துத் தருபவர் விரித்த கோப்பை எண்ணுவார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு பக்கத்தை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் சொல்லுக்கு இவ்வளவு என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். தட்டச்சுக்கு எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. "சொல்லிக்கொண்டிருந்தபோது" என்று சேர்த்து எழுதினால் ஒன்று. "சொல்லிக் கொண்டிருந்த போது" என்று பிரித்தால் மூன்று. துணைவினைகளைப் பிரித்துப் பிரித்து எழுதும் ஓர் ஆசிரியரின் கோப்பை, சேர்த்து எழுத வேண்டும் என்ற பதிப்பக நடைமுறைப்படி திருத்தினால், திருத்தத் திருத்தச் சொற்களின் எண்ணிக்கை குறையும். ஒழுங்காக வேலை செய்த மெய்ப்பாளருக்குக் கூலியும் அதோடு சேர்ந்து குறையும்! அதனால் மெய்ப்புக்குச் சொல் கணக்கு பேசினால், கைக்கு வந்த கோப்பின் எண்ணிக்கைதான் கணக்கு என்று முதல்நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டச்சுக்கு நேர்மாறு. கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே எண்ண முடியாது, முடித்துத் தரும் கோப்பைத்தான் எண்ண முடியும். அங்கே சேர்ப்பதா பிரிப்பதா என்பதை வாடிக்கையாளர் சொல்லிவிடட்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கையை ஏற்றத்தான் பிரித்தீர்கள் என்ற பேச்சு வரும்.

இதற்குப் பயந்து எழுத்துக்கு இவ்வளவு என்று போகிறவர்களும் உண்டு. இடைவெளியை விட்டுவிட்டு எண்ணினால் சேர்ப்பதும் பிரிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும் என்பது சரிதான். ஆனால் கணினி எண்ணும் எழுத்து, நாம் எண்ணும் எழுத்து இல்லை. நமக்குக் "கு" ஓரெழுத்து. யூனிகோடில் அது ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. பாமினி எழுத்துருவில் `F` என்ற ஒரே விசை. "கொ" யூனிகோடில் இரண்டு, பாமினியில் `nfh` என்று மூன்று. ஒரே உரையைப் பாமினியில் எண்ணினால் ஒரு தொகையும் யூனிகோடில் எண்ணினால் வேறொரு தொகையும் வரும். வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வரும். இதைத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருப்பதைவிடச் சொல் கணக்கோடு இருப்பதே மேல்.

மணிக் கணக்கு வேலை செய்கிறவருக்கு நியாயமானது, வேலை கொடுக்கிறவருக்கு வயிற்றைக் கலக்குவது. எத்தனை மணி ஆகும் என்று அவருக்குத் தெரியாது, சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. அதனால் மணி விலையை வெளியே காட்டாமல், நம் கணக்கு நோட்டில் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற எல்லா விலைக்கும் அளவுகோல் அதுதான். எப்படி என்று ஒரு வேலையை வைத்தே பார்க்கலாம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, சந்தை விலை இல்லை.

சிறுகதைத் தொகுப்பு ஒன்று, டெம்மி அளவில் 128 பக்கம், அதாவது 8 பாரம். சொற்கள் சுமார் 25,000. விலை சொல்லும் முன் பத்துப் பக்கத்தை மாதிரிக்குக் கேட்டு வாங்க வேண்டும். முதல் பத்துப் பக்கத்தை வாங்கக்கூடாது. முன்னுரையும் முதல் கதையும் எல்லோரும் பலமுறை பார்த்துத் திருத்தியவையாக இருக்கும். நடுவிலிருந்து ஐந்து, கடைசியிலிருந்து ஐந்து என்று எடுத்தால்தான் உண்மை தெரியும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்துகிறோம், பக்கத்துக்கு 6 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். 128 பக்கத்துக்கு முதல் மெய்ப்பு சுமார் 13 மணி நேரம். இரண்டாம் மெய்ப்பில் திருத்தங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கவும் ஒருமுறை ஓட்டிப் படிக்கவும் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், ஐந்தே கால் மணிக்குமேல். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஐயங்களைத் தொகுத்துப் பேசி முடிக்க ஒன்றரை மணி. கூட்டினால் சுமார் 20 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய் வேண்டும் என்று தீர்மானித்திருந்தால் மொத்தம் 3,000 ரூபாய். இதையே பக்கத்துக்கு ஏறக்குறைய 23 ரூபாய் 50 காசு என்றோ, பாரத்துக்கு 375 ரூபாய் என்றோ, சொல்லுக்கு 12 காசு என்றோ கேட்பவருக்கு ஏற்றபடி சொல்லலாம்.

இப்போது அதே பதிப்பகம் அதே 128 பக்கத்தில் இன்னொரு தொகுப்பைத் தருகிறது. இது பழைய பாமினிக் கோப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும். சோதிக்க ஒரு சின்ன வழி: கண்ணுக்குத் தெரிகிற "கௌரவம்" என்ற சொல்லைக் கோப்பில் தேடிப் பாருங்கள். கண்ணில் படுவது தேடலில் அகப்படவில்லை என்றால், உள்ளே ஔகாரக் குறி இல்லை. கெகரமும் ளகரமுமாக "கெளரவம்" என்று இருக்கிறது. இந்த ஒன்று இருந்தால் வேறு சங்கதிகளும் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வந்திருக்கும். ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் மாற்றியில் மாட்டி அர்த்தமில்லாத தமிழெழுத்துக் கோவையாகியிருக்கும். மாதிரியில் பக்கத்துக்கு 10 நிமிடம் ஆகிறது என்றால் முதல் மெய்ப்புக்கு மட்டும் 21 மணிக்குமேல். இரண்டாவதற்குப் பக்கத்துக்கு 3 நிமிடம், ஆறரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஐயங்களுக்கு இரண்டு மணி. சுமார் 30 மணி நேரம். "போன புத்தகத்துக்கு வாங்கின ரேட்டுதானே" என்று ஒப்புக்கொண்டால் அதே 3,000 ரூபாய்க்கு மணிக்கு 100 ரூபாய்தான் நிற்கும். மணிக்கு 150 நிற்க வேண்டுமானால் 4,500 கேட்க வேண்டும், பக்கத்துக்கு 35 ரூபாய் போல.

ஆகவே பதிப்பகத்துக்கு என் பரிந்துரை பக்க விலைதான். ஆனால் நிலையான ஒரே விலை கூடாது, மாதிரி பார்த்த பிறகு சொல்லும் விலையாக இருக்கட்டும். எத்தனை மெய்ப்பு சேர்ந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டு மெய்ப்பு முடிந்தபின் ஆசிரியர் புதிதாக இரண்டு பத்தி சேர்த்தால், அது மெய்ப்பில் சேராது.

மாணவர்களின் ஆய்வேட்டுக்குத் தட்டச்சு என்றால் சொல் கணக்கு. இதில் எல்லாச் சொல்லும் ஒன்றில்லை. ஓடும் உரைநடையைத் தட்டும் வேகத்தில் அட்டவணையையோ அடிக்குறிப்பையோ பாடல் மேற்கோளையோ தட்ட முடியாது. சங்கப் பாடல் மேற்கோள் என்றால் சந்தி பிரிப்பதும் சேர்ப்பதும் நம் விருப்பமில்லை, மாணவர் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தாரோ அந்தப் பக்கத்தை வாங்கி ஒப்பிட வேண்டும். இவற்றுக்குத் தனி விலை வைப்பதுதான் சரி. அப்புறம் நெறியாளர் என்றொருவர் இருக்கிறார். அவர் திருத்தம் ஒரு முறையோடு நிற்காது. முதல் சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடக்கம், அதற்குமேல் மணிக்கணக்கு என்று சொல்லிவிட வேண்டும். மணி விலையை வெளியே காட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான். வாக்கியத்தை மாற்றி எழுதித் தரச் சொல்வதும் நடக்கும். அது மெய்ப்பு வேலையில்லை. ஆய்வு மாணவருடையதாகவே இருக்க வேண்டுமென்றால் எழுத்துப்பிழையோடும் சந்தியோடும் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

சின்ன அலுவலகங்களுக்கு இந்த நான்குமே சரிப்படாது. 120 சொல்லில் ஓர் அறிவிப்பு. தட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கையால் எழுதியதை வாட்ஸப்பில் மங்கலாகப் படம் எடுத்து அனுப்புவார்கள், ஒரு பெயருக்கு ளகரமா ழகரமா என்று கேட்டு அரைமணி காத்திருக்க வேண்டும், அனுப்பிய கோப்பு அவர்கள் கணினியில் கட்டங்கட்டமாகத் தெரிகிறது என்று திரும்ப அழைப்பார்கள். எழுத்துரு பதிந்த பிடிஎஃப்பாக அனுப்பினால் அந்தத் தொல்லை தீரும், அதற்கும் நேரம் பிடிக்கும். சொல்லுக்கு 30 காசு வைத்தாலும் இந்த வேலைக்கு 36 ரூபாய்தான். இங்கே குறைந்தபட்சத் தொகை ஒன்று வேண்டும், ஒரு சொல்லாக இருந்தாலும் அதற்குக் கீழே இல்லை என்பதாக. அதை ஒருமணி நேரக் கூலியாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மாதம் முழுவதும் வேலை வருகிற அலுவலகமென்றால் மாதத் தொகை பேசலாம். அப்போது மாதத்துக்கு இத்தனை சொல் வரை என்று வரம்பு போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆண்டறிக்கையும் அதே தொகைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

பணம் கைக்கு வரும் நேரத்திலும் மூவருக்கும் வித்தியாசம் உண்டு. அலுவலகம் பெரும்பாலும் வேலை முடிந்ததும் தந்துவிடும். மாணவரிடம் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை முழுக் கோப்பைத் தரும்போது வாங்குவது இருவருக்கும் நல்லது. பதிப்பகம் புத்தகம் வந்தபின் என்று சொல்லும். பாரக் கணக்குக்கு உள்ள ஒரே உண்மையான பலன் இங்கேதான். நாலு பாரம் முடிந்ததும் நாலு பாரத்துக்குப் பில் போட்டு அனுப்பலாம். முழு நூலுக்கு ஒரே தொகை பேசியவரால் அப்படிக் கேட்க முடியாது.