எலக்ட்ரிக் குக்கரில் பிரஷர் ஏறவில்லையா: கம்பெனி காஸ்கெட்டா, கடைத்தெரு காஸ்கெட்டா?

எலக்ட்ரிக் பிரஷர் குக்கரின் காஸ்கெட் போய்விட்டால் பெங்களூரில் இரண்டு வழி உண்டு. சிக்பேட்டைப் பாத்திரக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் வளையத்தை அன்றைக்கே வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் மாடல் எண்ணைச் சொல்லி, கம்பெனி காஸ்கெட் வரும்வரை காத்திருக்கலாம். எங்கள் வீட்டு 6 லிட்டர் குக்கரில் இரண்டையும் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு கம்பெனி காஸ்கெட்டுக்குத்தான்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் கோளாறு காஸ்கெட்டில்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஆவி எங்கிருந்து கசிகிறது என்பதே பாதி விடை. மூடியிலுள்ள அம்புக்குறி உடலிலுள்ள பூட்டுக் குறிக்கு நேராக வந்திருக்க வேண்டும், ஆவி விடும் குமிழ் 'மூடிய' பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இவை இரண்டும் ஒரு நிமிட வேலை.

மிதவை வால்வைத்தான் பலர் பார்ப்பதில்லை. அது மூடியில் மேலும் கீழும் ஆடும் சின்ன உலோகப் பின். உள்பக்கம் அதற்கு ஒரு சிலிக்கான் தொப்பி இருக்கும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் காற்றும் ஆவியும் அந்தத் துளை வழியாக 'உஸ்'ஸென்று வெளியேறும். ஆவியின் வேகம் கூடியதும் பின் 'டக்'கென்று எழும்பும், தொப்பி துளையை அடைக்கும், சத்தம் நின்றுவிடும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பும் பருப்பு நுரையும் பின்னில் ஒட்டிக் காய்ந்தால் அது பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். ஆறிய மூடியைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பாருங்கள், பின் தானாக விழுந்து எழ வேண்டும். சிக்கினால் தொப்பியைக் கழற்றிப் பின்னை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். தொப்பி கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் பிரஷர் வரவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் வேக நேரம் கொஞ்சம் கூடலாம். ஆனால் பின் எழும்பாததற்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் குக்கரில் பின் சுத்தமாகவே இருந்தது. ஆவி வந்தது மூடி விளிம்பில், ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கம் மட்டும் நீர்த்துளி வழிந்துகொண்டே இருக்க, ராஜ்மா அடிப்பிடித்தது. மூடியைத் திருப்பினால், வளையம் கம்பிச் சட்டத்துக்குள் முழுதாக உட்காராமல் ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தது. சிலிக்கான் நாளடைவில் விரிந்துவிட்டதற்கு இதுதான் அடையாளம். ஒரு எச்சரிக்கை: சுடுநீரில் கழுவிய கையோடு பார்த்தாலும் வளையம் பெரிதாகத்தான் தெரியும், ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்பேட்டைக் கடைக்காரர், "அஞ்சு, ஆறு லிட்டர் எல்லாத்துக்கும் ஒரே ரப்பர்தாங்க மேடம்" என்றார். விலை கம்பெனி வளையத்தில் பாதிகூட இல்லை. மாட்டவும் முடிந்தது. ஆனால் லிட்டர் ஒன்றாக இருந்தால் காஸ்கெட்டும் ஒன்றாகிவிடாது. சுற்றளவைவிட முக்கியம் வளையத்தின் தடிமனும், பாத்திர விளிம்பில் படியும் மெல்லிய உதட்டின் வடிவமும். ஆவி அந்த உதட்டை விளிம்போடு அழுத்தும்போதுதான் அடைப்பு முழுமையாகும். கடை வளையத்தின் உதடு தட்டையாக இருந்தது; சட்டத்துக்குள் லொடலொடவென்று ஆடியது.

மூன்று கப் தண்ணீர் மட்டும் ஊற்றி, அதிக பிரஷரில் 5 நிமிடம் வைத்துச் சோதித்தேன். கடை வளையத்தோடு பின் எழும்பத்தான் செய்தது, ஆனால் விளிம்பில் ஈரம் நிற்கவில்லை. சில வாரத்தில் அதுவும் மேடு தட்டியது. கம்பெனி வளையத்தோடு 'உஸ்' சத்தம் சட்டென்று அடங்கியது, விளிம்பு காய்ந்தே இருந்தது. கையால் தள்ளினால் அது சட்டத்துக்குள் லேசாக நகரும், மூடியைக் கவிழ்த்தால் விழாது. சரியான பொருத்தம் என்றால் அதுதான். இது எத்தனை ஆண்டு தாங்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். பொதுவாக ஒன்று, ஒன்றரை ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள்.

வாசனை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சாம்பார் வாடை பாயசத்தில் ஏறும்.

மாடல் நின்றுபோய்க் கம்பெனி காஸ்கெட்டே கிடைக்காதவர்களுக்குக் கடைத்தெருதான் வழி. அப்படியானால் அளவை வாயால் சொல்லி வாங்காதீர்கள். மூடியையே பையில் போட்டு எடுத்துப் போய், பழைய வளையத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உதட்டை ஒப்பிட்டு, கடையிலேயே சட்டத்தில் மாட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். கம்பிச் சட்டம் வளைந்திருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். வளைந்திருந்தால் எந்த வளையமும் நிற்காது.