குக்கீ நிரம்பித் தளம் திறக்காதபோது: எதை அழிப்பது, எதை விடுவது?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே இருக்கும் அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தார். "தம்பி, பையனோட டியூஷன் தளம் லேப்டாப்ல திறக்கவே மாட்டேங்குது. ஃபோன்ல நல்லா வருது. ரவுட்டர அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன்." போய்ப் பார்த்தால் வெள்ளைத் திரையில் இந்த மூன்று வரிகள்தான் இருந்தன:

```
400 Bad Request
Request Header Or Cookie Too Large
nginx
```

இணையம் சரியாக இருக்கிறது, லேப்டாப்பும் சரியாக இருக்கிறது. உலாவி ஒவ்வொரு முறை தளத்தைக் கேட்கும்போதும், அந்தத் தளம் முன்பு கொடுத்து வைத்த குக்கீகள் என்னும் சின்னத் தகவல் துணுக்குகள் அத்தனையையும் கோரிக்கையின் தலைப்பில் சேர்த்து அனுப்புகிறது. அந்த மூட்டை பெரிதாகிவிட்டால் சர்வர் அதைப் பிரித்தே பார்க்காது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஃபோனில் வேறு உலாவி, வேறு குக்கீகள். அதனால் அங்கே திறந்தது. ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தை மறுபடி ஏற்றினாலும் அதே மூட்டைதான் போகும். கேஷை மட்டும் அழித்தாலும் பயனில்லை, ஏனென்றால் கேஷில் இருப்பவை படங்களும் கோப்புகளும்தான், குக்கீகள் இல்லை. உதவி எண்ணில் அக்காவுக்குக் கிடைத்த ஆலோசனை 'கேஷை அழியுங்கள்' என்பதுதான். அவரும் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வுகள் மூன்று. உலாவியில் இருக்கும் எல்லாத் தரவையும் அழிப்பது, அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் அழிப்பது, டெவலப்பர் கருவிகளைத் திறந்து குக்கீகளை மட்டும் நீக்குவது. மூன்றிலும் பிழை போய்விடும். ஆனால் கூடவே வேறு என்ன போகும் என்பதில்தான் வித்தியாசம். அன்று எங்களுக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. அக்காவின் மகன் தொடக்கநிலை ஆறு படிக்கிறான். தமிழ்க் கட்டுரையைப் பாதி தட்டச்சு செய்துவிட்டு, சமர்ப்பிக்காமல் விட்டிருந்தான்.

முதலில் இது குக்கீப் பிரச்சினைதானா என்று உறுதிசெய்ய, மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்தேன். உடனே வந்தது. மறைநிலையில் பழைய குக்கீகள் எதுவும் போகாது, ஆகவே சந்தேகம் தீர்ந்தது. அவசரத்துக்கு அங்கேயே உள்நுழைந்து வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வகுப்பு நேரத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அது போதும். ஆனால் அங்கே கட்டுரையைக் காணோம். வரைவு, வழக்கமான சாளரத்தின் சேமிப்பில் இருக்கிறது, மறைநிலைக்கு அது தெரியாது. மகன் முகம் வாடிவிட்டது.

சரி, மூன்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

எல்லாத் தரவையும் அழிக்கும் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே ஒரு தளத்தின் குக்கீ பெருத்ததற்காக எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற வேண்டிவரும். மின்னஞ்சல், வங்கி, பள்ளித் தளம் என ஒவ்வொன்றிலும் மறுபடி உள்நுழைய வேண்டும். சிங்பாஸ் வைத்து நுழையும் தளங்களில் மறுபடி ஃபோனை எடுத்து கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டும். வயதான அம்மா அப்பாவின் கணினியில் இதைச் செய்துவிட்டால் அன்றைய மாலை அதிலேயே கழியும். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குரோமில் கால அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கடந்த ஒரு மணி நேரம் என்று விட்டுவிட்டால் பழைய குக்கீகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது, பிழை மட்டும் போகவில்லை என்று குழம்புகிறவர்கள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

ஒரு தளத்தை மட்டும் அழிப்பது பெரும்பாலான நேரங்களில் சரியான வழி. குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தை அழுத்தி, `Cookies and site data`, பிறகு `Manage on-device site data` என்று போனால், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்கும். ஃபயர்பாக்ஸில் முகவரிக்கு இடப்பக்கச் சின்னத்தின் கீழ் `Clear cookies and site data`. ஐஃபோனில் சஃபாரி அமைப்புகளுக்குள் `Advanced`, பிறகு `Website Data` என்று போய், அந்தத் தளத்தை மட்டும் தேடி நீக்கலாம். அரை நிமிட வேலை. அந்த ஒரு தளத்தில் மட்டும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும்.

ஆனால் பெயரைக் கவனியுங்கள், அது குக்கீகளை மட்டும் அழிப்பதில்லை. தளம் உங்கள் உலாவிக்குள் வைத்திருக்கும் மற்ற சேமிப்பும் சேர்ந்தே போகும். பாதி நிரப்பிய படிவங்களையும் வரைவுகளையும் பல தளங்கள் அங்கேதான் வைக்கின்றன. குப்பைத்தொட்டியை அழுத்தியிருந்தால் பிழையோடு கட்டுரையும் போயிருக்கும்.

அதனால் மூன்றாவது வழிக்குப் போனேன். பிழைப் பக்கத்தில் இருந்தபடியே `F12` அழுத்தி, `Application` என்ற பகுதிக்குப் போக வேண்டும். இடப்பக்கத்தில் `Local storage`, `Cookies` இரண்டும் தனித்தனியாக இருக்கும். பிழைப் பக்கமும் அதே முகவரியில்தான் நிற்கிறது என்பதால் இரண்டையும் பார்க்க முடியும். முதலில் `Local storage` திறந்தேன். கட்டுரையின் முதல் வரி அங்கே தெரிந்தது. பையன் அதைப் பார்த்ததும்தான் நாற்காலியில் உட்கார்ந்தான். அதை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டிவைத்துவிட்டு, `Cookies` பக்கம் வந்தேன்.

அங்கே `Size` என்ற பத்தி இருக்கும். அதன் தலைப்பை ஓரிரு முறை அழுத்தினால் பெரியவை மேலே வந்து நிற்கும். உள்நுழைவைக் காக்கும் குக்கீ 1,180 பைட். வருகையை எண்ணும் சின்னச் சின்னக் குக்கீகள் சில. அவை ஒரு பொருட்டே இல்லை. நடுவில் ஒரே மாதிரிப் பெயரும் வால்பகுதியில் மட்டும் வெவ்வேறு எழுத்துகளுமாக 21 குக்கீகள், ஒவ்வொன்றும் சுமார் 340 பைட். 21 பெருக்கல் 340 என்றால் 7,140. அதோடு 1,180 சேர்த்தால் 8,320. பிழைப் பக்கத்தில் பெயர் போட்டிருந்த என்ஜின்எக்ஸ் சர்வரில் ஒரு தலைப்பு வரி, பஃபர் எனப்படும் 8 கிலோபைட் அளவுள்ள ஒரு தற்காலிக நினைவிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் அளவு, அதாவது 8,192 பைட். இந்தத் தளம் இன்னும் பழைய `HTTP/1.1` முறையில் ஓடுவதால் குக்கீகள் எல்லாம் ஒரே வரியாகப் போகின்றன. எல்லையைத் தாண்டி நின்றது நூற்றுச் சொச்சம் பைட்தான். முந்தின நாள் வரை திறந்த தளம் அன்று திறக்காமல் போனதற்குக் காரணம், கடைசியாகச் சேர்ந்த ஒரே ஒரு குக்கீ.

அந்த 21-ஐ மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து `Delete` அழுத்தினேன். உள்நுழைவுக் குக்கீயைத் தொடவில்லை. பக்கத்தை மறுபடி ஏற்றியதும் அக்காவின் கணக்கு திறந்த நிலையிலேயே வந்தது, கட்டுரையும் விட்ட இடத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. இந்த வழியின் குறை, ஃபோனில் இப்படிச் செய்ய முடியாது என்பதுதான். எது எதற்கான குக்கீ என்று தெரியாமல் கைவைக்கப் பயமாக இருந்தால், அந்தத் தளத்தின் குக்கீகள் முழுவதையும் இங்கிருந்தே அழித்துவிடலாம். மறுபடி உள்நுழைய வேண்டிவரும், ஆனால் வரைவு தப்பிக்கும்.

இந்த 21 எப்படிச் சேர்ந்தன? உள்நுழைவுப் பக்கத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தளம் ஒரு தற்காலிகக் குக்கீயைப் போடுகிறது, உள்நுழைவு முடிந்ததும் அதை எடுத்துவிடுகிறது. பக்கத்தைத் திறந்துவிட்டு உள்நுழையாமல் போனால் குக்கீ தங்கிவிடும். உலாவியை மூடினால் போய்விடும் என்று தளத்தை எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள், ஏனென்றால் காலாவதி தேதி எதுவும் இல்லை. அக்காவின் குரோமிலோ `Continue where you left off` இயக்கத்தில் இருந்தது. அப்படி இருந்தால் மூடித் திறந்தாலும் இத்தகைய குக்கீகள் திரும்பி வந்துவிடும். அந்தத் தளத்தின் தாவலும் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு முறை உள்நுழைவின் கெடு முடிந்து உள்நுழைவுப் பக்கத்துக்குப் போனபோதும் ஒன்று கூடியது.

ஆகவே பயனாளி பக்கத்தில் எந்த வழியை எடுத்தாலும், தளம் மாறாவிட்டால் சில வாரங்களில் பிழை திரும்பும். தளத்தை நடத்துகிறவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. நான் இதே வேலையில் இருப்பதால் இரண்டையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கை வைப்பது பஃபரை உயர்த்துவதில்தான்:

```nginx
large_client_header_buffers 4 16k;
```

புகார்கள் அன்றே நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இதைத் தன் தளத்துக்கான `server` பகுதிக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தலையைப் பிடித்துக்கொள்வார்கள். அதே போர்ட்டில் இயல்பாக நிற்கும் சர்வரின் அளவே இங்கேயும் எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டினாலும் பின்னால் இருக்கும் செயலிச் சர்வருக்குத் தனி எல்லை உண்டு. அப்பாச்சியில் ஒரு தலைப்புக்கு 8,190 பைட், இப்போதைய நோட் ஜேஎஸ்ஸில் மொத்தத் தலைப்புக்கும் 16 கிலோபைட். முன்வாசலை அகலமாக்கினால் மூட்டை நடுவாசலில் சிக்கும், அவ்வளவுதான். அப்போது பிழை 400-க்குப் பதில் 431 என்று வேறு முகத்தோடு வரலாம்.

குக்கீ சேராமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது வழி. தற்காலிகக் குக்கீக்குப் பத்து நிமிடக் காலாவதி வைப்பது, ஒவ்வொரு முயற்சிக்கும் புதுப் பெயர் வைக்காமல் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது, பயனாளியின் விவரங்களையெல்லாம் குக்கீக்குள் திணிக்காமல் ஓர் அடையாள எண்ணை மட்டும் வைப்பது. இதற்கு நிரலைத் திறக்க வேண்டும், சோதிக்க வேண்டும், ஒரு வாரம் போகும். பஃபரை உயர்த்துவதை இந்த ஒரு வாரத்துக்கான தற்காலிக ஏற்பாடாக ஏற்றுக்கொள்ளலாம். அதோடு நிறுத்திவிடுவதை ஏற்க முடியாது. பிழை தெரியாமல் மறைகிறதே தவிர, அந்த முகவரிக்குப் போகும் ஒவ்வொரு படத்துக்கான கோரிக்கையும் அத்தனை பைட்டையும் சுமந்துகொண்டுதான் போகும்.

டியூஷன் மையத்துக்கு அக்காவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் எழுதினோம். பிழையின் மூன்று வரிகள், குக்கீகளின் பெயரில் மாறாத முன்பகுதி, எண்ணிக்கை 21, ஒவ்வொன்றின் அளவு, `Expires` பத்தியில் `Session` என்று இருந்தது, எல்லாவற்றையும் எழுதினோம். குக்கீகளின் மதிப்பை மட்டும் எழுதவில்லை, படம் எடுத்து அனுப்பவும் இல்லை. உள்நுழைவுக் குக்கீயின் மதிப்பு கையில் கிடைத்தால் அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிட முடியும். பத்து நாள் கழித்து, சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தது. அக்கா வீட்டில் மறுபடி `F12` அழுத்திப் பார்த்தேன். தற்காலிகக் குக்கீ ஒன்றே ஒன்று இருந்தது, `Expires` பத்தியில் நேரம் போட்டிருந்தது. மகன் கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டுக் கீழே பந்து விளையாடப் போயிருந்தான்.