பேட்டரி சென்சார் பழுதானால்: கழற்றி விடுவதா, பழையதைப் போடுவதா, புதிது வாங்குவதா?

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வாரத்தில் நான்கு நாள் போய்வரும் என் பெட்ரோல் காரில், ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, முகப்புப் பலகையில் Check Charging System என்ற எச்சரிக்கை எரிந்தது. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியும் அன்றே நின்றுபோனது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடும்போதே 12.3 வோல்ட்தான் வருது தம்பி, டைனமோ போயிருக்கணும், இல்லேன்னா பேட்டரி" என்றார். டைனமோவைவிடப் பேட்டரி மலிவு என்பதால் முதலில் அதை மாற்றினேன். ஐந்து மாதம் கழித்து, புதிய பேட்டரியோடு, அதே எச்சரிக்கை மீண்டும் வந்தது. இரண்டுமே பழுதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைப் பிடித்திருக்கும் கிளாம்பிலேயே பொருத்தப்பட்ட சிறு கறுப்புப் பெட்டியான மின்னோட்ட உணரிதான், அதாவது பட்டறைகளில் பேட்டரி சென்சார் என்று சொல்லப்படுவதுதான், பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன் கனெக்டரை மட்டும் கழற்றி அப்படியே விடலாம், பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து ஒன்றை எடுத்துப் போடலாம், அல்லது புதிதாக வாங்கலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கான காரணத்தைச் சொல்லும் முன், பழுது சென்சாரில்தான் இருக்கிறது என்பதை எப்படி உறுதிசெய்தோம் என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

பழைய கார்களில் டைனமோ எப்போதும் 14 வோல்ட்டை ஒட்டியே தரும், 12.3 என்று காட்டினால் அது கெட்டுப்போனது என்று சொல்லிவிடலாம். இப்போதைய கார்களில் நிலைமை வேறு. பேட்டரிக்குள் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சென்சார் கணக்கெடுத்துக் கொடுக்க, பேட்டரி நிறைந்திருக்கிறது என்று இன்ஜின் கணினி நம்பினால், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக டைனமோவைத் தானே அடக்கிவைக்கிறது. ஆகவே குறைந்த வோல்ட் என்பது டைனமோவின் இயலாமையாகவும் இருக்கலாம், கணினியின் கட்டளையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, இன்ஜினை நிறுத்தி, சென்சாரின் சிறு கனெக்டரை மட்டும் உருவிவிட்டு, மீண்டும் கிளப்பிப் பார்ப்பது. கணக்குச் சொல்ல ஆள் இல்லாதபோது பெரும்பாலான கார்களில் கணினி ஒரு நிலையான வோல்ட்டுக்குத் திரும்பிவிடும். என் காரில் ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்ட நிலையிலும் 14.1 வோல்ட் அசையாமல் நின்றது. டைனமோ குற்றமற்றது என்பது அங்கேயே தெரிந்தது.

அடுத்து சென்சாரையே சோதித்தோம். கனெக்டரைத் திரும்பச் செருகி, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கணினியின் அளவீடுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பேட்டரி கரண்ட் என்ற வரியைப் பார்த்தோம். அதே நேரத்தில் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினோம். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும், ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. டிசி மீட்டரையும் மாட்டுவதற்கு முன் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். மீட்டரில் 5 ஆம்பியர் பேட்டரியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஸ்கேனரோ 1 ஆம்பியர் பேட்டரிக்குள் ஏறுவதாகக் காட்டியது. ஹெட்லைட்டைப் போட்டதும் மீட்டரில் 16 ஆம்பியர் வெளியேற்றம், ஸ்கேனரில் 10. இரண்டு நிலையிலும் வித்தியாசம் சரியாக 6 ஆம்பியர். சென்சார் மாற்றங்களைச் சரியாகவே அளக்கிறது, ஆனால் அதன் பூஜ்யம் இடம் மாறிவிட்டது என்று இதற்குப் பொருள்.

கிளாம்ப் மீட்டர் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு தடயம் கிடைக்கிறது. இன்ஜின் நின்றிருக்கிறது, சார்ஜரும் மாட்டவில்லை என்றால் பேட்டரிக்குள் கரண்ட் ஏற வழியே கிடையாது. அப்போது ஏறுவதாக ஸ்கேனர் காட்டினால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தைக் கூட்டல் குறியால் காட்டுவதா கழித்தல் குறியால் காட்டுவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், முதலில் ஹெட்லைட்டைப் போட்டு எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது நகரும் பக்கம்தான் வெளியேற்றம்.

இந்த 6 ஆம்பியர் பிழை என்ன செய்யும் என்று பாருங்கள். தஞ்சாவூருக்குப் போக ஒரு மணி நேரம் ஆனால், ஏறாத 6 ஆம்பியர்-மணி ஏறியதாகக் கணக்கில் சேர்கிறது. என் பேட்டரியின் கொள்ளளவு 50 ஆம்பியர்-மணிக்குள்தான். போகவர ஒரு நாளிலேயே கால்வாசிப் பேட்டரி பொய்யாக நிறைந்துவிடுகிறது. நிறைந்தது என்று நம்பிய கணினி டைனமோவை அடக்குகிறது. பேட்டரி உண்மையில் காலியாகிக்கொண்டே போகிறது. மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து இழுக்கும்போது வோல்ட் 12-ஐ நெருங்க, வோல்ட் குறைவு என்பதைக் குறிக்கும் P0562 என்ற பழுதுக் குறியீடு பதிவாகி எச்சரிக்கை எரிகிறது. டைனமோ கெட்டது என்ற பொருளில் அந்த எச்சரிக்கை பொய்தான். ஆனால் பேட்டரிக்கு நேரும் கேடு உண்மை. மூன்று வழிகளையும் இந்த ஒரு காரணத்தை வைத்தே நான் எடைபோட்டேன்.

கழற்றி விடுவதற்குச் செலவே கிடையாது, உடனே பலனும் தெரியும். திருச்சியிலிருந்து புதிய சென்சார் வரும்வரை மூன்று வாரம் நான் அப்படித்தான் ஓட்டினேன். வண்டி ஒருநாளும் கிளம்பாமல் நின்றதில்லை. அவசரத்துக்கு இது நல்ல வழி. நிரந்தரமாக விடுவதில் எனக்கு இரண்டு தடைகள் இருந்தன. சென்சார் கரண்டை மட்டுமல்ல, பேட்டரியின் வெப்பத்தையும் அறிந்து சொல்கிறது. ஈய அமிலப் பேட்டரி ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதற்குக் கொடுக்க வேண்டிய சார்ஜிங் வோல்ட் ஏறக்குறைய 0.02 குறைய வேண்டும். 25 டிகிரியில் 14.4 சரி என்றால், சித்திரை வெயிலில் பானட்டுக்குள் 55 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு 13.8 போதும். கழற்றிய நிலையில் என் கார் கோடையிலும் 14.1-ஐயே கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் கேடு எதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டு கோடை இப்படிப் போனால் பேட்டரியின் நீர் வற்றி ஆயுள் குறையும். இரண்டாவது தடை இன்னும் பெரிது. கழற்றியதும் என் காரில் எச்சரிக்கை விளக்கு நிரந்தரமாக எரியத் தொடங்கியது. எப்போதும் எரியும் விளக்கு, நாளை டைனமோ உண்மையாகவே நின்றால் எனக்கு எதையும் சொல்லாது. இரவு நேரத்தில், நீடாமங்கலம் தாண்டி வயல்களுக்கு நடுவே அப்படி நிற்க எனக்கு விருப்பமில்லை.

பழைய சென்சாரைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. நண்பர் ஒருவரின் காரில் அப்படிப் போட்டது எட்டு மாதமாக ஓடுகிறது. அந்த ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன். விலை புதியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்ட் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், இல்லையென்றால் கணினியோடு பேசாது. என் தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் கெடுவது டெர்மினலில் பூக்கும் உப்பும் ஈரமும் உள்ளே இறங்குவதாலும், கிளாம்பை நெம்பிக் கழற்றும்போது உள்ளே விரிசல் விழுவதாலும்தான். உள்ளே இருக்கும் அளவுத் தகடு 10 ஆம்பியர் ஓடும்போதே ஒரு மில்லிவோல்ட் அளவில்தான் வேறுபாட்டைத் தருகிறது. அவ்வளவு நுண்ணிய அளவீட்டைக் கெடுக்கச் சிறு கசிவு போதும். உடைத்த வண்டியிலிருந்து அதை எப்படிக் கழற்றினார்கள் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது பழையதை வாங்குவதாக இருந்தால், பொருத்திய உடனே மேலே சொன்ன கிளாம்ப் மீட்டர் சோதனையைச் செய்து, ஒரு ஆம்பியருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடும் உடன்பாட்டோடு வாங்குவது நல்லது.

புதிய சென்சாரின் விலை, நான் வீணாக வாங்கிய பேட்டரியின் விலையில் பாதிக்குச் சற்று மேல். பொருத்தும் வேலை பதினைந்து நிமிடம். சுத்தியலால் தட்டி இறக்காமல், நட்டை முழுவதும் தளர்த்தி, கிளாம்பை நேராக அமர்த்தி, அளவாக இறுக்கினோம். பிறகு காரைப் பூட்டி இரவு முழுவதும் தொடாமல் விட்டோம்; பேட்டரி ஓய்வில் இருக்கும்போது அதன் வோல்ட்டை வைத்துத்தான் நிறைவு எவ்வளவு என்ற கணக்கை அமைப்பு புதிதாகத் தொடங்குகிறது. சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகவும் ஒரு பதிவு செய்ய வேண்டியிருக்கும், என்னுடையதில் தேவைப்படவில்லை. மறுநாள் காலை ஸ்கேனரும் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின. தஞ்சாவூர் சாலையில் முதலில் 14.4 வரை ஏறிய வோல்ட், போகப்போக இறங்கி, பிரேக் பிடிக்கும்போது மீண்டும் ஏறியது. தானே நின்று கிளம்பும் வசதி மூன்றாம் நாள் திரும்பியது.

புதியது வாங்கியவர்கள் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல நாள் மின்சாரமின்றி இருந்தபோது வாங்கிய சிறு இன்வெர்ட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதன் இரு கிளிப்புகளையும் நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் கடிக்கவிடுவேன். நெகட்டிவ் முனையிலேயே மாட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரைக் கடக்காது. பேட்டரி இறங்குவது கணக்கில் சேராது. நல்ல சென்சாரும் பழுதான சென்சாரைப் போலவே தவறான நிறைவைச் சொல்லும். கிளிப்பின் பல் அந்தப் பெட்டியையே நெரித்திருக்கவும் கூடும். இப்போது இன்வெர்ட்டரோ, சார்ஜரோ, ஜம்ப் ஸ்டார்ட் கேபிளோ எதுவானாலும் நெகட்டிவ் கிளிப்பை இன்ஜின் அருகில் உள்ள பாடி போல்ட்டில்தான் மாட்டுகிறேன். ஹார்ன், ஆம்ப்ளிஃபையர் எது கூடுதலாகப் போட்டாலும் எர்த் வயரை அங்கேயே கொடுக்கச் சொல்கிறேன்.

அடுத்த அடைமழையும் போய்விட்டது. மாதத்துக்கு ஒருமுறை, சாவியை ஆன் செய்து ஸ்கேனரில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். சென்ற வாரம் ஸ்கேனரில் 5.1 ஆம்பியர் வெளியேற்றம், மீட்டரில் 5.